ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினால் விளையாட்டின் முன்னேற்றம் கூடவே வருமா?

கைப்பேசியை மாற்றும்போது தொடர்பு எண்களும் படங்களும் குறுஞ்செய்திகளும் புதிய கருவிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் பல மாதங்களாக விளையாடிவந்த கேமைத் திறந்தால், அது நம்மை யாரென்றே தெரியாததுபோல் முதல் லெவலிலிருந்து தொடங்குகிறது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும் ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் மாறுகிறவர்கள் பலருக்கு இது நேர்கிறது. இதில் சில விளையாட்டுகளின் முன்னேற்றத்தை இரண்டே நிமிடத்தில் மீட்டுவிடலாம். சிலவற்றை எவ்வளவு முயன்றாலும் மீட்க முடியாது. எது எந்த வகை என்பது கைப்பேசியின் விலையையோ திறனையோ பொறுத்ததன்று. அந்த விளையாட்டு உங்கள் முன்னேற்றத்தை எங்கே எழுதி வைத்திருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. பழைய கைப்பேசியை அழிப்பதற்கு முன்பே இதைக் கண்டறிந்துகொள்வது அவசியம். அழித்த பிறகு அறிவதால் பெரும்பாலும் பயன் இருக்காது.

ஒரே வகைக் கைப்பேசிக்குள் மாறும்போது இந்தச் சிக்கல் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு, செயலிகளின் தரவைக் கூகுள் கணக்கில் தானாகவே பேக்கப் எடுக்கிறது. ஒரு செயலிக்கு 25 எம்பி வரை இவ்வாறு சேமிக்கலாம் என்பதால், சிறிய விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகள் அதற்குள் எளிதாக அடங்கிவிடும். ஐபோனிலும் ஐகிளவுட் பேக்கப் வழியாகச் செயலிகளின் உட்தரவு புதிய ஐபோனுக்கு வந்து சேர்கிறது. இப்படி இரண்டொரு முறை மாறிப் பழகியவர்கள், வேறு வகைக்கு மாறும்போதும் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் கூகுளின் பேக்கப்பை ஐபோன் படிக்காது. ஐகிளவுட் பேக்கப்பை ஆண்ட்ராய்டு படிக்காது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற உதவும் Move to iOS என்ற ஆப்பிளின் செயலியும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. தொடர்புகள், செய்திகள், படங்கள், நாட்காட்டி போன்றவற்றை அது கொண்டுசெல்லும். வாட்ஸ்அப் உரையாடல்களையும் கொண்டுசெல்லும். நீங்கள் வைத்திருந்த இலவசச் செயலிகளில் ஆப் ஸ்டோரிலும் கிடைப்பவை எவை என்று பார்த்து, அவற்றைப் புதிதாகப் பதிவிறக்க வழிசெய்யும். ஆனால் அந்தச் செயலிகளுக்குள் இருந்த தரவை அது பெரும்பாலும் தொடுவதில்லை. விளையாட்டின் படவுரு புதிய கைப்பேசியில் வந்து அமர்ந்துவிடுவதால் முன்னேற்றமும் வந்துவிட்டது என்று எண்ணிப் பழைய கைப்பேசியை அழித்துவிடுகிறார்கள். மீட்க முடிந்திருக்கக்கூடிய பல கணக்குகள் இந்தக் கட்டத்தில்தான் தொலைகின்றன.

கோப்பை நாமே நகலெடுத்துக்கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் என்ற இரண்டு கடைகளிலும் ஒரே பெயரில் இருந்தாலும், ஆண்ட்ராய்டில் இருக்கும் விளையாட்டும் ஐபோனில் இருக்கும் விளையாட்டும் தனித்தனி நிரல்கள். எடுத்துக்காட்டாக, யூனிட்டி என்ற கருவியில் உருவாகும் விளையாட்டுகள் சிறிய அமைப்புகளையும் சில நேரங்களில் லெவல் எண்ணையும் சேமிக்கும் இடம், ஆண்ட்ராய்டில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. ஐபோனில் அது முற்றிலும் வேறு வடிவிலான பிலிஸ்ட் கோப்பு. வடிவத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கும் அடுத்த தடை காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பு செயலியின் உட்புறச் சேமிப்பில் இருப்பதால், ரூட் செய்யாத, அதாவது இயங்குதளத்தின் பூட்டை நீக்கி முழு அனுமதி பெறாத கைப்பேசியில் அதை எந்தக் கோப்பு மேலாளராலும் திறக்க முடியாது. வெளிப்புறச் சேமிப்பில் இருக்கும் Android/data என்ற கோப்புறையைக்கூட, ஆண்ட்ராய்டு 11 முதல் மற்ற செயலிகள் எளிதில் எட்ட முடியாதபடி மூடிவிட்டார்கள். ஐபோனிலோ, விளையாட்டை உருவாக்கியவர் தாமாகத் திறந்துவைத்த கோப்புறையைத் தவிர வேறெதையும் நாம் பார்க்க முடியாது. நம் தரவை மற்ற செயலிகள் திருடாமல் காக்கும் அதே வேலிதான் நம்மையும் தடுக்கிறது.

முன்னேற்றம் இருக்கக்கூடிய மூன்று இடங்கள்

முதலாவது, கைப்பேசி மட்டுமே. இணையம் இல்லாமலே முழுமையாக விளையாடக்கூடியதும், எந்தக் கணக்கையும் கேட்காததுமான புதிர் விளையாட்டுகளும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் சிறிய விளையாட்டுகளும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, தளத்தின் மேகச் சேமிப்பு. ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே கேம்ஸ், ஐபோனில் ஐகிளவுட் அல்லது கேம் சென்டர் என்பவை இங்கே வரும். முன்னேற்றம் கைப்பேசிக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சேமிப்பின் கதவு ஒரு பக்கத்துக் கைப்பேசிகளுக்கு மட்டுமே திறக்கும். ஆண்ட்ராய்டில் கேம் சென்டர் கிடையாது. ஐபோனில் இருக்கும் விளையாட்டுக்குள் பிளே கேம்ஸ் பொத்தானைக் காண முடியாது.

மூன்றாவது, விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் சொந்த சர்வர். பலர் ஒரே நேரத்தில் மோதும் விளையாட்டுகள், குழுக்கள் அமைக்கும் விளையாட்டுகள் ஆகியவற்றில், உங்கள் லெவலும் பொருட்களும் நாணயங்களும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கைப்பேசி அதை எடுத்துக் காட்டும் திரை மட்டுமே. இந்த வகையில்தான் இரு பக்கங்களுக்கும் இடையே முன்னேற்றத்தைக் கொண்டுசெல்ல முடியும். ஆனால் சர்வரில் இருந்தால் மட்டும் போதாது; "அந்த வரிசை என்னுடையது" என்று புதிய கைப்பேசியிலிருந்து நிரூபிக்க ஒரு கணக்கு வேண்டும். விருந்தினராக, அதாவது கெஸ்ட் என்ற பெயரில் உள்ளே நுழைந்து விளையாடியவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய முன்னேற்றம் சர்வரில் பத்திரமாக இருந்தாலும், அதைத் திறக்கும் அடையாளம் பழைய கைப்பேசிக்குள் மறைவாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் விளையாட்டு எந்த வகை என்று அறிய, அதன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிளேயர் ஐடி என்ற பெயரில் ஓர் எண்ணோ எழுத்துக்கோவையோ இருந்தால், நிறுவனத்தின் சர்வர் உங்களை அறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் அருகிலேயே கணக்கு இணைப்பு, மின்னஞ்சல், ஃபேஸ்புக் போன்ற பொத்தான்கள் இருந்தால் வழி திறந்திருக்கிறது. இவை எதுவும் இல்லாமல், ஏரோப்பிளேன் மோடில் போட்டாலும் விளையாட்டு வழக்கம்போல் ஓடி முன்னேற்றத்தைச் சேமிக்கிறது என்றால், அது கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாம். சோதிப்பதற்காக விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டாம். கைப்பேசிக்குள் மட்டும் இருந்த முன்னேற்றம் அந்தச் சோதனையிலேயே அழிந்துவிடலாம்.

கூகுள் உள்நுழைவும் பிளே கேம்ஸும் ஒன்றல்ல

புதியவர்களை மிக அதிகமாகக் குழப்புவது இந்த இடம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒரு விளையாட்டை முதன்முறை திறக்கும்போது, திரையின் மேற்பகுதியில் உங்கள் பிளே கேம்ஸ் பெயருடன் ஒரு வரவேற்புப் பட்டை வந்து மறையும். உங்கள் ஜிமெயிலோடு அது தொடர்புடையது என்பதால், "என் கூகுள் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம். ஐபோனில் அதே விளையாட்டைத் திறந்து கூகுள் பொத்தானைத் தேடினால் அது இருக்காது. அல்லது இருந்து, அதை அழுத்தினால் முதல் லெவல் தொடங்கும்.

காரணம், பிளே கேம்ஸ் என்பது ஆண்ட்ராய்டின் விளையாட்டுச் சேவை. "கூகுள் மூலம் உள்நுழைக" என்பது இணையதளங்களிலும் ஐபோன் செயலிகளிலும்கூடச் செயல்படும் பொதுவான அடையாளச் சேவை. இரண்டுக்கும் ஒரே ஜிமெயிலைப் பயன்படுத்தினாலும், விளையாட்டின் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு அடையாளங்களாகவே தெரியலாம். எனவே ஆண்ட்ராய்டில் பிளே கேம்ஸ் மட்டுமே இணைந்திருந்தால், அந்தக் கைப்பேசி கையில் இருக்கும்போதே விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று, ஐபோனிலும் தோன்றக்கூடிய இரண்டாவது அடையாளம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, மின்னஞ்சல், ஃபேஸ்புக், பொதுவான கூகுள் உள்நுழைவு ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அது. நிறுவனத்தின் சொந்தக் கணக்கு கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. மற்றவற்றுக்கான ஆதரவை விளையாட்டுகள் அவ்வப்போது நிறுத்திவிடுவதுண்டு.

இதே தவறு எதிர்ப்புறமாகவும் நிகழ்கிறது. ஐபோனில் விளையாட்டைத் திறந்ததும் ஆப்பிள் உள்நுழைவுப் பொத்தான் முன்னால் நிற்கும். அதை அழுத்துவது மிகவும் எளிது. அப்போது மின்னஞ்சலை மறைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால், privaterelay.appleid.com என்று முடியும் புதிய முகவரி ஒன்றை ஆப்பிள் உருவாக்கித் தரும்; விளையாட்டின் சர்வருக்கு நீங்கள் புத்தம்புதிய மனிதராகிவிடுவீர்கள். முதல் லெவல் தெரிந்தவுடன் பதற வேண்டாம். பழைய கணக்கு அப்படியேதான் இருக்கிறது. வெளியேறிவிட்டு, பழைய கைப்பேசியில் பயன்படுத்திய அதே வழியில் உள்நுழைந்தால் அது திரும்பிவிடும். ஆனால் அந்தப் புதிய கணக்குக்குள் இருந்துகொண்டே பழைய மின்னஞ்சலை இணைக்க முயலக் கூடாது. அப்போதுதான் "இந்தக் கருவியில் உள்ள முன்னேற்றமா, சர்வரில் உள்ள முன்னேற்றமா, எதை வைத்துக்கொள்வது?" என்ற பெட்டி தோன்றும், அவசரத்தில் கருவி என்று அழுத்தினால், முதல் லெவல் உங்கள் பழைய முன்னேற்றத்தின் மேல் எழுதப்பட்டுவிடலாம். அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு பக்கத்தின் லெவலும் காட்டப்படும். உயர்ந்த எண் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஒரு மாற்றத்தை முழுமையாகப் பார்ப்போம்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டை ஆண்ட்ராய்டில் வைத்திருப்பவர் ஐபோனுக்கு மாறுகிறார் என்று கொள்வோம். இந்த விளையாட்டில் நாம் கட்டியெழுப்பும் கிராமம் முழுவதும் சூப்பர்செல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அதைத் திறக்க அந்த நிறுவனம் சூப்பர்செல் ஐடி என்ற கணக்கைத் தருகிறது.

பழைய கைப்பேசியில் விளையாட்டைத் திறந்து, முதலில் தம் சுயவிவரப் பக்கத்துக்குச் சென்று பெயருக்குக் கீழே # என்ற குறியுடன் தொடங்கும் பிளேயர் டேக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் எத்தனையோ பேர் விளையாடலாம். டேக் ஒருவருக்கு ஒன்றுதான். பிறகு பல்சக்கர வடிவிலான அமைப்புகளைத் திறந்து, சூப்பர்செல் ஐடி இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையவில்லை என்றால், ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அந்த மின்னஞ்சலுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதை உள்ளிட்டதும் கிராமம் அந்தக் கணக்கோடு பிணைக்கப்படும். இங்கே கடவுச்சொல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலுக்கு வரும் குறியீடே சாவி என்பதால், புதிய ஐபோனிலும் திறக்கக்கூடிய, நீண்ட காலம் உங்களிடமே இருக்கக்கூடிய முகவரியைக் கொடுக்க வேண்டும். பணியிட முகவரியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வேலையை விட்டவர்கள் இந்தச் சாவியை இழந்துவிடுகிறார்கள்.

ஒரு சூப்பர்செல் ஐடியில் ஒரு விளையாட்டுக்கு ஒரு கணக்கு மட்டுமே இணையும். முன்பே வேறொரு கிராமத்தை அந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்தால், இந்தக் கிராமத்துக்கு வேறு மின்னஞ்சல் தேவைப்படும்.

இனி ஐபோனில் விளையாட்டை நிறுவி, புதிய கிராமத்தைக் கட்டத் தொடங்காமல், சூப்பர்செல் ஐடி மூலம் உள்நுழையும் வழியைத் தேர்ந்தெடுத்து அதே மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். புதிய குறியீடு வரும். அதை உள்ளிட்டால் பழைய கிராமம் திரையில் ஏறும். இப்போது சுயவிவரத்தைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் பிளேயர் டேக்கும் இங்கே தெரியும் டேக்கும் ஒவ்வோர் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் மாற்றம் முடிந்தது. அதன் பிறகே பழைய கைப்பேசியை அழிக்கலாம். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறவருக்கும் இதே படிகள்தான்.

பணம் கொடுத்து வாங்கியவை

முன்னேற்றம் வந்தாலும் வாங்கியவை எல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. விளம்பரங்களை நீக்கும் வசதி, முழுப் பதிப்பைத் திறக்கும் வசதி போன்றவை பெரும்பாலும் எந்தக் கடையில் வாங்கினோமோ அந்தக் கடையின் கணக்கில்தான் பதிவாகின்றன. ஐபோனில் இருக்கும் Restore Purchases பொத்தான் ஆப்பிளிடம் மட்டுமே விசாரிக்கும். கூகுள் பிளேயில் நீங்கள் வாங்கியது அதற்குத் தெரியாது. நிறுவனத்தின் சர்வரில் பதிவான உடைகளும் கதாபாத்திரங்களும் வழக்கமாகக் கணக்கோடு வந்துவிடும். பணம் கொடுத்து வாங்கி இன்னும் செலவழிக்காத நாணயங்களைச் சில விளையாட்டுகள் வாங்கிய தளத்திலேயே நிறுத்திவிடுகின்றன என்பதால், விளையாட்டின் உதவிப் பக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, தேவைப்பட்டால் மாறுவதற்கு முன்பே செலவழித்துவிடலாம்.

மாதச் சந்தா இருந்தால் கூடுதல் கவனம் தேவை. விளையாட்டை நீக்கினாலும், கைப்பேசியையே மாற்றினாலும் கூகுள் பிளேயில் தொடங்கிய சந்தா நிற்காது. அதைக் கூகுள் பிளேயின் சந்தாப் பக்கத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். உலாவி வழியாக எந்தக் கருவியிலிருந்தும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.

கோப்பாக எடுத்துச்செல்ல விடும் விளையாட்டுகள்

கைப்பேசிக்குள் மட்டும் சேமிக்கும் விளையாட்டுகளில் சில, நல்ல மனத்தோடு ஒரு வெளிவழியை வைத்திருக்கின்றன. மைன்கிராஃப்ட் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தாலும், நீங்கள் கட்டிய உலகம் வழக்கமாகக் கைப்பேசியில்தான் இருக்கிறது; கணக்கில் உள்நுழைவதால் மட்டும் அது ஐபோனில் தோன்றாது. உலகங்களின் பட்டியலில் அதன் அருகே இருக்கும் பென்சில் குறியைத் தொட்டு, அமைப்புகளின் அடிப்பகுதிக்குச் சென்றால் Export World என்ற பொத்தான் இருக்கும். அது .mcworld என்று முடியும் ஒரே கோப்பைத் தரும். அதை மேகச் சேமிப்பிலோ மின்னஞ்சலிலோ ஏற்றி, ஐபோனின் ஃபைல்ஸ் செயலியில் இறக்கி, மைன்கிராஃப்டில் திறந்தால் உலகம் அப்படியே வந்து சேரும். உலகத்தை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் ரியல்ம்ஸ் சேவையைக் கட்டணம் செலுத்தி வைத்திருப்பவர், உலகத்தை அதில் ஏற்றி மறுபக்கம் இறக்கிக்கொள்ளவும் செய்யலாம். விளையாட்டை மட்டும் ஆப் ஸ்டோரில் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும். கூகுள் பிளேயில் கொடுத்த பணம் அங்கே செல்லாது.

வழியே இல்லாத நிலைகள்

இவ்வளவுக்குப் பிறகும் முடியாதவை இருக்கின்றன. கைப்பேசிக்குள் மட்டும் சேமித்து, ஏற்றுமதிப் பொத்தானும் இல்லாத விளையாட்டின் முன்னேற்றம் மறுபக்கம் போகாது. பிளே கேம்ஸிலோ ஐகிளவுட்டிலோ மட்டும் சேமித்து, வேறு கணக்கை ஏற்காத விளையாட்டுக்கும் இதே கதிதான். ஆப்பிளின் சந்தா விளையாட்டுச் சேவையான ஆப்பிள் ஆர்கேடில் விளையாடியவற்றின் சேமிப்பு ஐகிளவுட்டில் இருக்கிறது. ஆர்கேடோ ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லை. மறுபக்கக் கடையில் வெளியிடப்படாத விளையாட்டுக்குக் கணக்கு இருந்தும் பயனில்லை.

சர்வரும் கணக்கும் இருந்தும் முடியாத நிலை ஒன்று உண்டு. சில விளையாட்டுகள் ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் தனித்தனி சர்வர்களை நடத்துகின்றன. சீனாவில் ஓடும் ஹானர் ஆஃப் கிங்ஸ் அப்படிப்பட்டது. அதே கணக்கில் மறுபக்கம் நுழைந்தாலும் அங்கே இருப்பது வேறொரு தொடக்கம். நிறுவனமே இடமாற்றச் சேவை தந்தால்தான் உண்டு. சர்வர் தேர்வுப் பட்டியலில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்ற பெயர்கள் தனித்தனியே தெரிந்தால் இதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

பிளே கேம்ஸிலும் கேம் சென்டரிலும் சேர்த்த சாதனைப் பதக்கங்களும் இடம்பெயர்வதில்லை. முன்னேற்றம் ஏறிய பிறகு சில விளையாட்டுகள் அவற்றைப் புதிய பக்கத்தில் மீண்டும் வழங்கலாம். ஆனால் பெற்ற பழைய தேதிகள் வாரா.

விருந்தினர் கணக்கில் விளையாடி, பழைய கைப்பேசியையும் இழந்துவிட்டவருக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது: விளையாட்டு நிறுவனத்தின் ஆதரவுக் குழுவுக்கு எழுதுவது. முன்னேற்றம் சர்வரில் இருந்தால் மட்டுமே அவர்களால் எதையும் செய்ய முடியும். பிளேயர் ஐடி, விளையாட்டில் வைத்திருந்த பெயர், தோராயமான லெவல், சேர்ந்திருந்த குழுவின் பெயர், பழைய கைப்பேசியின் மாடல் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் கொடுக்க வேண்டும். இவற்றில் வலுவான சான்று, பணம் செலுத்திய ரசீது. ஜிமெயிலில் GPA என்று தேடினால், அந்த எழுத்துகளுடன் தொடங்கும் கூகுள் பிளே ஆர்டர் எண்கள் கொண்ட ரசீதுகள் கிடைக்கும். ஐபோனிலிருந்து மாறியவர் ஆப்பிள் அனுப்பிய ரசீதுகளைத் தேட வேண்டும். பிளேயர் ஐடி நினைவில் இல்லை என்றால், அதே குழுவில் இருந்த நண்பர் தம் கைப்பேசியில் உங்கள் சுயவிவரத்தைத் திறந்து அதைப் படித்துச் சொல்ல முடியும். ஆதரவுக் குழு என்று சொல்லிக்கொண்டு விளையாட்டின் அரட்டையிலோ சமூக ஊடகத்திலோ தாமாக முன்வந்து உள்நுழைவுக் குறியீட்டைக் கேட்பவருக்கு அதைத் தரக் கூடாது; உண்மையான ஆதரவுப் படிவம் விளையாட்டின் அமைப்புகள் பக்கத்துக்குள்ளோ நிறுவனத்தின் இணையதளத்திலோதான் இருக்கும்.